செய்தித் தலைப்பின் தொனியை வைத்து மறுநாள் சந்தையைக் கணிக்க முடியுமா? என் சோதனையில் 61% சரியாக வருகிறது, எங்கே தவறு?

நிலவரசு

மூன்று மாதமாக இதில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தமிழ்ச் செய்தித் தளங்களின் வணிகப் பக்கத்திலிருந்து ஓராண்டுத் தலைப்புகளை இறக்கினேன். மொத்தம் சுமார் 5,900. சந்தை திறந்திருந்த நாட்கள் 246, ஆக நாளுக்கு ஏறக்குறைய 24 தலைப்பு.

கையாலேயே இரண்டு சொற்பட்டியல் எழுதினேன். நல்ல சொற்கள் 64: உயர்வு, ஏற்றம், லாபம், சாதனை, மீட்சி என்று. கெட்ட சொற்கள் 91: சரிவு, வீழ்ச்சி, நஷ்டம், முறைகேடு, கலக்கம் என்று. தலைப்பில் நல்ல சொல் வந்தால் +1, கெட்ட சொல் வந்தால் −1. ஒரு நாளின் தலைப்புகளுக்கெல்லாம் சராசரி எடுத்தால் அந்த நாளின் மதிப்பெண். அதை மறுநாள் குறியீட்டெண்ணின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டேன்.

246 நாளில் 150 நாள் திசை சரியாக வந்திருக்கிறது. கோரிலேஷன் 0.31. மதிப்பெண்களைக் கலைத்துப் போட்டு ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன், ஒரு முறைகூட 0.31-ஐத் தொடவில்லை. அதிர்ஷ்டம் இல்லை என்பது உறுதி. ஆனாலும் இவ்வளவு எளிய முறை இவ்வளவு நன்றாக வேலை செய்வதை நம்ப மனம் வரவில்லை. பணம் போடும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

தேனருவி

சொற்பட்டியலில்தான் கோளாறு இருக்கும். "நஷ்டம் குறைந்தது" என்று ஒரு தலைப்பு வந்தால் உங்கள் கணக்கு என்ன செய்யும்? நஷ்டம் கெட்ட சொல், குறைந்ததும் கெட்ட சொல் என்று −2 போடும். உண்மையில் அது நல்ல செய்தி. "வட்டி உயர்வு" உங்களுக்கு +1, கடன் வாங்கிய நிறுவனத்துக்கோ அது வேதனை. முதலில் பட்டியலைச் சீர்படுத்துங்கள், சொல்லுக்குச் சொல் எடை கொடுங்கள். முடிவு தானாகச் சரியாகிவிடும்.

வானம்பாடி77

எனக்கும் இதே ஆசை வந்து ஒரு வாரமாக முயல்கிறேன். ஆனால் எல்லா நாளுக்கும் மதிப்பெண் 0 என்றே வருகிறது. பட்டியலில் "சரிவு" இருக்கிறது, தலைப்பிலும் "சரிவு" இருக்கிறது, இருந்தும் பிடிபடவில்லை. சொற்களை `re.findall(r"\w+", s)` என்று பிரிக்கிறேன். ஆங்கிலத்தில் இது ஓடியது.

கணக்கன்

வானம்பாடி, உங்கள் சிக்கல் சிறியது, முதலில் அதை முடித்துவிடுவோம். பைத்தானின் `re`-யில் உள்ள `\w` தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாது. ஓட்டிப் பாருங்கள்:

```python
re.findall(r"\w+", "சரிவு")   # ['சர', 'வ']
```

சொல் உடைந்து போகிறது, அப்புறம் எப்படிப் பட்டியலோடு பொருந்தும்? முதலில் `unicodedata.normalize("NFC", s)` போடுங்கள். "தொ" போன்ற எழுத்துகளைச் சில தளங்கள் இரண்டு துண்டாகச் சேமித்து வைத்திருக்கும், அது நேராகிவிடும். பிறகு `s.split()` செய்து, இரு முனையிலும் ஒட்டியுள்ள நிறுத்தற்குறிகளை நீக்கினால் போதும்.

நிலவரசு, தேனருவி சொன்னது உண்மைதான். ஆனால் அது உங்கள் கேள்விக்கான விடை இல்லை. மோசமான பட்டியல் முடிவை மங்கலாக்கும். உங்கள் சிக்கல் முடிவு அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருப்பது. 246 நாளுக்கு, தொடர்பே இல்லாத இரண்டு வரிசைகளின் கோரிலேஷன் சராசரியாக 0.06 அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். 0.31 என்பது அதைப்போல் ஐந்து மடங்கு. கரடுமுரடான பட்டியல் இதைத் தருகிறது என்றால், நாளைய விலை எப்படியோ இன்றைய மதிப்பெண்ணுக்குள் நுழைந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

கலைத்துப் போடும் சோதனையில் தேறியதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். தொடர்பு தற்செயலா இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். கசிவு இருந்தால் தொடர்பு உண்மையிலேயே இருக்கும், சோதனையும் தேறும். தொடர்பு எந்த வழியாக வந்தது என்பது அதற்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். உங்களிடம் தலைப்புக்கு நேரம் இருக்கிறதா, தேதி மட்டும்தானா? செவ்வாய் மாலை சந்தை மூடிய பிறகு வந்த தலைப்பை எந்த நாளின் கணக்கில் வைத்தீர்கள்?

நிலவரசு

நேரம் இருக்கிறது, ஆனால் பயன்படுத்தவில்லை. தேதியை மட்டும் எடுத்துக் கூட்டினேன். செவ்வாய் நள்ளிரவு வரை வந்ததெல்லாம் செவ்வாய்க்குள் போயிருக்கும். மறுநாள் ரிட்டர்ன் என்பது செவ்வாய் இறுதி விலையிலிருந்து புதன் இறுதி விலை வரை.

கணக்கன்

அப்படியானால் செவ்வாய் இரவு 10 மணிக்கு வந்த செய்தியை வைத்து, செவ்வாய் மாலை மூடும் விலையில் வாங்கியதாக உங்கள் கணக்கு நினைக்கிறது. இரவுச் செய்தியின் தாக்கம் புதன் காலை தொடக்க விலையிலேயே ஏறிவிடும். அந்தத் தாவலை யாரும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். தலைப்புகளைச் சந்தை மூடும் முன், மூடிய பின் என்று பிரியுங்கள். ரிட்டர்னையும் இரண்டாகப் பிரியுங்கள்:

```python
gap = px["open"] / px["close"].shift(1) - 1
o2c = px["close"] / px["open"] - 1
```

`gap` இரவில் நடந்த தாவல். `o2c` மறுநாள் காலை வாங்கி மாலை விற்றால் கிடைப்பது. என் ஊகம் சரியென்றால் தொடர்பு முழுவதும் `gap`-இல் இருக்கும், `o2c`-இல் ஒன்றும் மிஞ்சாது. தலைப்பின் நேரம் எந்த மண்டலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். UTC-யில் இருந்து, உங்கள் சந்தை அதற்குக் கிழக்கே இருந்தால், மறுநாள் அதிகாலைச் செய்தி முந்தைய தேதியில் விழுந்திருக்கும்.

செம்பருத்தி

நான் வைத்திருக்கும் ஒரு பங்கைப் பற்றி இன்று "காலாண்டு லாபம் 40% உயர்வு" என்று தலைப்பு. பங்கு 6% விழுந்தது. இந்த முறைப்படி நாளை ஏறுமா? இன்னும் கொஞ்சம் வாங்கலாமா?

கணக்கன்

இந்த இழையில் அதற்கு விடை கிடைக்காது, செம்பருத்தி. இங்கே பேசுவது ஓராண்டுச் சராசரி, ஒரு பங்கின் நாளைய விலை அல்ல. ஆனால் உங்கள் உதாரணம் முக்கியமானது. சந்தை 50% உயர்வை எதிர்பார்த்திருந்தால் 40% என்பது ஏமாற்றம். எதிர்பார்ப்பு என்ன என்பது தலைப்பில் எழுதியிருக்காது. எந்தச் சொற்பட்டியலும் அதைப் பார்க்க முடியாது.

நிலவரசு

செய்துவிட்டேன். நேரமெல்லாம் உள்ளூர் நேரம்தான், மண்டலக் கோளாறு இல்லை. முடிவுகள்:

மூடும் முன் வந்த தலைப்புகள், மறுநாள் ரிட்டர்னோடு: 0.03. ஒன்றுமில்லை.
மூடிய பின் வந்தவை, மறுநாள் ரிட்டர்னோடு: 0.36.
அதே பின் தலைப்புகள், `gap`-ஓடு: 0.24.
அதே பின் தலைப்புகள், `o2c`-ஓடு: 0.27.

கணக்கன், கடைசி எண் உங்கள் ஊகத்துக்கு எதிராக இருக்கிறதே! காலையில் வாங்கி மாலையில் விற்றாலும் 0.27 நிற்கிறது. இரவுத் தலைப்பில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று நினைக்கலாமா?

தேனருவி

பார்த்தீர்களா, வேலை செய்கிறது! சிறு முதலீட்டாளர்கள் இரவில் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் முழுக்க மெதுவாக நடந்துகொள்கிறார்கள். விலை ஒரே அடியில் நகர்வதில்லை. இதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு என்று நினைவு.

கணக்கன்

ஆய்வு இருக்கிறது, ஆனால் அளவைப் பாருங்கள். நிதியியல் ஆய்வாளர் பால் டெட்லாக் 2007-இல் வெளியிட்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் அன்றாடச் சந்தைப் பத்தி ஒன்றை, 1984 முதல் 1999 வரை, சொற்பட்டியலால் எண்ணினார். பத்தியில் அவநம்பிக்கைச் சொற்கள் வழக்கத்தைவிட ஒரு திட்ட விலக்கம் கூடினால், மறுநாள் டவ் ஜோன்ஸ் சுமார் 0.08% இறங்கியது. அந்த இறக்கமும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் திரும்பிவிட்டது. பதினாறு ஆண்டுத் தரவில், முந்தைய நாட்களின் விலை, வணிக அளவு எல்லாவற்றையும் கழித்த பிறகு கிடைத்த மெல்லிய விளைவு அது.

நிலவரசின் 0.27-ஐ அதோடு ஒப்பிடுங்கள். குறியீட்டெண் ஒரு நாளில் 1% ஆடுவது வழக்கம் என்று வைத்தால், மதிப்பெண் ஒரு திட்ட விலக்கம் மாறும்போது 0.27% நகர்வு. டெட்லாக் கண்டதைப்போல் மூன்று மடங்குக்கு மேல், அதுவும் காலை தொடக்க விலைக்குப் பிறகு. என் முதல் ஊகம் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவுத் தாவல் மட்டும் காரணமில்லை, வேறொரு கசிவு இருக்கிறது. அது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பின் தலைப்புகளை மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

நிலவரசு

மாலை 6 வரை: 0.02. 6 முதல் 9: 0.05. 9-க்குப் பிறகு: 0.41. எல்லாமே இரவு 9-க்குப் பின் வந்த தலைப்புகளில் இருக்கிறது.

மேசைவிளக்கு

நான் செய்தித் தள மேசையில் ஒன்பது ஆண்டு இருந்தவள். புள்ளியியல் தெரியாது, ஆனால் இரவு 9-க்குப் பிறகு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது.

மறுநாளுக்கான பங்குச்சந்தை நேரலைப் பக்கத்தை நாங்கள் முந்தின இரவே திறந்து வைப்போம். இரவுப் பணியில் இருப்பவர் "பங்குச்சந்தை நிலவரம்: உடனுக்குடன்" என்று ஒரு வெற்றுத் தலைப்பு போட்டு வெளியிட்டுவிடுவார். காலையில் வருபவருக்கு வேலை சுலபம், தேடுபொறியும் பக்கத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். மறுநாள் சந்தை நகர நகர அதே பக்கத்தின் தலைப்பை மாற்றிக்கொண்டே இருப்போம். காலையில் "தடுமாற்றத்துடன் தொடக்கம்", மதியம் "சரிவிலிருந்து மீளுமா?", மாலையில் "வீழ்ச்சியுடன் நிறைவு". ஆனால் வெளியான நேரம் முந்தின இரவு 9:50 என்றே நிற்கும். நீங்கள் பல மாதம் கழித்து இறக்கும்போது கிடைப்பது கடைசித் தலைப்பு மட்டும்தானே?

பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். தலைப்பு மாறினாலும் முகவரியில் முதலில் போட்ட சொற்களே தங்கிவிடும்.

நிலவரசு

கை நடுங்குகிறது, அதுதான்!

ஒன்றைத் திறந்து பார்த்தேன். என் கோப்பில் இருக்கும் தலைப்பு: "சரிவுடன் நிறைவடைந்த சந்தை: வங்கிப் பங்குகள் வீழ்ச்சி". நேரம்: செவ்வாய் இரவு 9:52. என் கணக்கில் −2. புதன்கிழமை குறியீட்டெண் 1.3% இறங்கியிருக்கிறது. முகவரியில் "பங்குச்சந்தை நிலவரம் உடனுக்குடன்" என்பதன் ஆங்கில எழுத்து வடிவம். பக்கத்தின் மூலநிரலில் `datePublished` செவ்வாய் இரவு, `dateModified` புதன் மாலை, சந்தை மூடி 20 நிமிடம் கழித்து. புதன் மாலை எழுதிய தலைப்பை வைத்துப் புதன்கிழமையைக் "கணித்திருக்கிறேன்".

மூன்று தளத்திலும் சேர்த்து முகவரியில் இப்படி இருப்பவை 611. மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. மற்ற தலைப்புகள் பெரும்பாலும் 0 மதிப்பெண் என்பதால், இந்தப் பத்தில் ஒன்றே நாளின் சராசரியை இழுத்துப் போயிருக்கிறது.

அவற்றை நீக்கி ஓட்டினேன். பின் தலைப்புகள், `o2c`-ஓடு: 0.04. திசை சரியான நாட்கள் 246-இல் 127, அதாவது 51.6%. `gap`-ஓடு மட்டும் 0.14 இருக்கிறது.

மேசைவிளக்கு, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. இந்தக் கணக்கை நம்பிச் சேமிப்பைப் போட இருந்தேன்.

கணக்கன்

மேசைவிளக்கு சொன்னது எனக்குத் தெரியாத விஷயம், நானும் நன்றி சொல்கிறேன். என் பழைய கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

51.6%-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 246 முறை நாணயம் சுண்டினாலே 50%-க்கு இருபுறமும் 3 புள்ளி ஆடுவது சாதாரணம். போதாததற்கு, சந்தை ஏறிய நாட்கள் அந்த ஆண்டில் எத்தனை? அது 53% என்றால், எதையும் படிக்காமல் தினமும் "ஏறும்" என்று சொல்பவர் உங்களை முந்திவிடுவார்.

`gap`-இல் உள்ள 0.14 உண்மையாக இருக்கலாம். மாலைக்கும் காலைக்கும் இடையே உலகச் சந்தைகளில் ஏதோ நடக்கிறது, அது இரவுத் தலைப்பிலும் வருகிறது, காலை விலையிலும் வருகிறது. ஆனால் தலைப்பு விலையை முந்தவில்லை, இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பிள்ளைகள்.

தேனருவி

சரி, கசிவு விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். ஆனால் சொற்பட்டியல் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். பட்டியல் மோசம் என்பதால்தான் 0.04 வந்திருக்கலாம் அல்லவா? உண்மைத் தொடர்பு மங்கலுக்குள் ஒளிந்திருக்கலாம்.

கணக்கன்

அது நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலேயே இந்தச் சிக்கல் பெரிது. ஹார்வர்டு உளவியல் சொற்பட்டியலில் கெட்டவை என்று குறித்த சொற்களை, நிதியியல் ஆய்வாளர்கள் லௌரனும் மெக்டொனால்டும் 2011-இல் அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் எண்ணிப் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிதித்துறையில் கெட்ட பொருளே தராத சொற்கள். வரி, செலவு, பொறுப்பு மாதிரி. அதனால்தான் நிதிக்கென்று தனிப் பட்டியல் செய்தார்கள்.

தமிழில் வேறு தொல்லையும் உண்டு. நிலவரசு, சொல்லை முழுதாகப் பொருத்தினீர்களா, தொடக்கத்தை மட்டுமா?

நிலவரசு

தொடக்கத்தை. "சரிந்தது, சரிந்தன, சரிவை, சரிவிலிருந்து" எல்லாம் பட்டியலில் எழுதி மாளாது என்று "சரி" என்று தொடங்கினால் போதும் என வைத்தேன்.

கணக்கன்

அப்படியானால் "சரியான நேரத்தில் முதலீடு" என்ற தலைப்பு உங்களுக்குச் சரிவு. "கணக்குகள் சரிபார்ப்பு" சரிவு. "உயர்" என்று வைத்திருந்தால் "உயர் நீதிமன்றம் நோட்டீஸ்" உங்களுக்கு நல்ல செய்தி, "உயர்மட்டக் குழு விசாரணை"யும் நல்ல செய்தி. சொல்லுக்குள் எங்கிருந்தாலும் தேடுவோம் என்று போனாலும் மாட்டிக்கொள்வீர்கள். "ஏற்றம்" என்று தேடினால் "விலையேற்றம்" கிடைக்காது. புணர்ச்சியில் "ஏ" கரைந்து "யே" ஆகிவிட்டது, கணினிக்கு அது வேறு எழுத்து.

நான் செய்வது இது. தரவில் உண்மையில் வந்திருக்கும் சொல் வடிவங்களை எல்லாம் எண்ணி, அதிகம் வருவதிலிருந்து இறங்குவரிசையில் வைப்பேன். முதல் 1,500 வடிவங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது, ஒன்றுமில்லை என்று குறிப்பேன். இரண்டு மாலை வேலை. இதைச் செய்யும்போது விலை வரிசையைத் திறக்கவே கூடாது. விலையைப் பார்த்துக்கொண்டே சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் வந்தால், எது 0.04-ஐ உயர்த்துகிறதோ அதைத்தான் நம்மை அறியாமல் வைத்துக்கொள்வோம். தேனருவி சொன்ன எடைகளில் எனக்குப் பயம் அதனால்தான். 155 சொல்லுக்கு 155 எடை, இருப்பதோ 246 நாள். எதையும் பொருத்திவிடலாம்.

தேனருவி

எடைகளை முதல் பாதியில் பொருத்தி, இரண்டாம் பாதியில் சோதித்தால்?

கணக்கன்

ஒரே ஒரு முறை சோதித்தால் ஏற்கிறேன். இரண்டாம் பாதி திருப்தி தரவில்லை என்று திரும்பப் போய் எடையை மாற்றினால், அதுவும் பொருத்திய பாதியாகிவிடும். 123 நாளில் 0.09 அளவுக்கு ஆட்டம் வேறு. என் கருத்து, குறைந்தது ஐந்தாண்டுத் தரவு இல்லாமல் எடை பக்கம் போகக் கூடாது.

தேனருவி

ஐந்தாண்டில் தளங்களின் நடையே மாறிவிடும். பழைய தலைப்பில் கற்ற எடை புதியதற்குப் பொருந்தாது. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

வானம்பாடி77

`split` போட்டதும் மதிப்பெண் வந்துவிட்டது, நன்றி. நேரலைப் பக்கங்களை எப்படி நீக்குவது? என் தளத்தின் முகவரியில் வெறும் எண்தான் இருக்கிறது.

நிலவரசு

நான் இப்போது செய்வது: `dateModified` மறுநாள் சந்தை திறந்த பிறகு என்றால் அந்தத் தலைப்பை எடுத்துவிடுகிறேன்.

மேசைவிளக்கு

அதில் ஒரு சின்ன எச்சரிக்கை. எழுத்துப்பிழை திருத்தினாலும் அந்த நேரம் மாறும். பெரிய செய்திகளைத்தான் அடிக்கடி திறந்து திருத்துவோம், யாரும் படிக்காத செய்தியைத் தொடவே மாட்டோம். ஆக அப்படி நீக்கினால் முக்கியமான செய்திகளே அதிகம் போய்விடும்.

கணக்கன்

ஆமாம், அது புதிய சாய்வைக் கொண்டுவரும். பழைய தரவுக்கு முழுத் தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. இன்றிலிருந்து சேகரிப்பதற்கு உண்டு: தளத்தின் RSS ஓடையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை படித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் முதலில் கண்ட வடிவத்தில், கண்ட நேரத்தோடு சேமியுங்கள். பிறகு தளம் என்ன மாற்றினாலும் உங்கள் வரிசையைத் தொடாதீர்கள். மாறிய தலைப்பைத் தனி வரிசையாகப் போடுங்கள்.

நிலவரசு

நேற்றிரவு முதல் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் இரவிலேயே 9:47-க்கு ஒன்றும் 10:05-க்கு ஒன்றும் "உடனுக்குடன்" பக்கங்கள் வந்தன. இரண்டுக்கும் மதிப்பெண் 0. இன்று காலை 11 மணிக்குள் முதல் பக்கத்தின் தலைப்பு நான்கு முறை மாறியிருக்கிறது, நான்கும் தனித்தனி வரிசையில் இருக்கின்றன. சொல் வடிவப் பட்டியலை இன்று மாலை தொடங்குகிறேன், விலைக் கோப்பை வேறு அடைவுக்கு மாற்றிவிட்டேன். ஆறு மாதம் சேர்ந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.